இடதுபக்கம் இருந்த பொத்தான்

சித்தப்பாவின் போனில் நான் தவறாகத் தொட்ட ஒரு பொத்தானைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அவர் முகம் நினைவுக்கு வந்து எழுந்துவிடுவேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் எங்கள் தெருவிலேயே இன்னொருவர் பஹ்ரைனிலிருந்து வந்து, "மக்கா, இதைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடு" என்று அதே மாதிரி ஒரு போனை என் கையில் தந்தார். அதே அரபி எழுத்துகள், அதே நிறைந்துபோன சேமிப்பகம், மதியத்துக்குள் தீர்ந்துவிடும் அதே பேட்டரி. இந்த முறை என் கை எங்கேயும் அவசரப்படவில்லை. முதல் முறை என்ன நடந்தது என்பதைச் சொன்னால், குளச்சல் பக்கம் மட்டுமல்ல, கல்ஃப் போன்கள் வந்து சேரும் எல்லா ஊர்களிலும் யாருக்காவது பயன்படும்.

சித்தப்பா சவூதியில் ஜுபைலில் 11 வருடம் அரபாப் என்று அவர்கள் சொல்லும் முதலாளியின் படகில் மீன்பிடித்தவர். போனும் அங்கே வாங்கியதுதான், அதுவும் ஒருவர் பயன்படுத்தியதை. அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அரபியோ ஆங்கிலமோ வாசிக்க வராது. ஊருக்கு வந்தபின் வள்ளத்தில் போகத் தொடங்கினார். விடியக்காலம் மூன்று மணிக்கு இறங்கினால் பத்து, பதினொன்றுக்குக் கரை. கடலடியில் மீன் கூடும் பாறையான பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க போனில் ஜிபிஎஸ் வேண்டும். "சார்ஜ் நிக்க மாட்டேங்கு மக்கா. மீனைப் படம் எடுக்கப் போனா எடம் இல்லேங்கு" என்றார். படம் எடுக்கப் போகும்போது வரும் அறிவிப்பின் எழுத்து அவருக்குப் புரியாது. ஆனால் படம் விழவில்லை என்பது புரிந்திருக்கிறது.

மொழியை மாற்றினால் என்ன?

இதை வாசிக்கும் பலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்ததே? நானும் அப்படித்தான் தொடங்கினேன். பற்சக்கரப் படத்தைத் தொட்டு, உள்ளே போய், உருண்டைப் பூகோளப் படம் இருக்கும் வரியைத் தேடித் தமிழாக்கிவிட்டு, பெருமையோடு நீட்டினேன். அவர் வாட்ஸப்பைத் திறந்து, கூட வேலை பார்த்த ஒருவருக்குக் குரல் செய்தி அனுப்பக் கீழே இடது மூலையை அழுத்திப் பிடித்தார். சிரிக்கும் முகங்களாக வந்து நின்றன. மறுபடி அழுத்தினார். மறுபடி முகங்கள். "எல்லாம் தெச மாறிக் கெடக்கே" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரபி வலமிருந்து இடமாக ஓடும் மொழி. அதனால் போனில் மொழி அரபி என்றால் எழுத்து மட்டும் மாறுவதில்லை, திரை முழுவதுமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டுவிடும். பின்னே போகும் அம்பு வலப்பக்கம் பார்க்கும். மூன்று புள்ளி மெனு இடது மேல் மூலையில் இருக்கும். வாட்ஸப்பின் மைக் நமக்கு வலது கீழ் மூலையில் இருந்தால், அவருக்கு இடது கீழ் மூலையில். அவர் அந்தப் போனை வாசித்துப் பழகவில்லை, இடம் பார்த்துப் பழகியிருக்கிறார். இருட்டில் வலையின் கயிறு எங்கே கிடக்கும் என்று கைக்குத் தெரிவதுபோல. நான் தமிழாக்கியதும் அந்த இடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டன. வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் மொழி மாற்றம் உதவி. மொழியை மறுபடி அரபிக்கே மாற்றினேன். வேலை செய்யப்போகும் ஒரு மணி நேரத்துக்காவது தமிழில் வைத்துவிட்டு, முடித்தபின் திருப்பியிருக்கலாம். அது அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஐந்து என்பது வட்டம்

முதலில் சறுக்கியது எழுத்தில் அல்ல, எண்ணில். சவூதி அரபி வைத்த போன்களில் எண்களும் அவர்கள் வடிவத்தில் வரும். சேமிப்பகத் திரையில் ஆப்கள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிற்கும், பக்கத்தில் அளவு. முதல் வரியில் வாட்ஸப். அடுத்த வரியில் இந்தியாவில் 2020-லேயே தடைசெய்யப்பட்ட ஒரு வீடியோ ஆப்; அதன் அருகில் ٥٫٦ என்று இருந்தது. நான் அதை 0.7 என்று வாசித்தேன். ஜிபியில் ஒன்றுகூட இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கீழே இறங்கி, சின்னச் சின்ன ஆப்களிடம் கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். வரிசை பெரியதிலிருந்து சிறியதாக இறங்குகிறது என்றால் இரண்டாவது வரி எப்படி 0.7 ஆகும் என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது. நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும் ٥ தான் ஐந்து. பூஜ்யம் என்பது ٠, வெறும் புள்ளி. நம் ஏழு போலத் தோன்றும் ٦ தான் ஆறு. ஏழு ٧, எட்டு ٨. ஏழு மேலே திறந்த கூம்பு, எட்டு கீழே திறந்தது. ஆக அது 5.6 ஜிபி. இந்த ஊரில் திறக்கவே திறக்காத ஓர் ஆப், 64 ஜிபி போனில் அவ்வளவு இடத்தை அடைத்து உட்கார்ந்திருந்தது.

ஒரு நிம்மதி: எழுத்து வலமிருந்து ஓடினாலும் எண்ணை நம்மைப் போலவே இடமிருந்துதான் வாசிக்க வேண்டும். ٦٤ என்றால் 64 தான், 46 அல்ல.

அந்த இரண்டு நொடி

இனி வாட்ஸப். அதன் அருகில் ١٩ ஜிபி. போனில் மொத்தம் 62 நிறைந்திருந்தது, அதில் 19 இது ஒன்றே. ஆப்பின் பக்கத்துக்குள் போய்ச் சேமிப்பகம் என்ற வரியைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டிலும் குப்பைத்தொட்டிப் படம். ஒன்று தற்காலிகச் சேமிப்பை மட்டும் துடைக்கும். எத்தனை முறை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. மற்றது ஆப்பின் சேமிப்பு முழுவதையும் அழிக்கும், அதை அன்றுதான் புதிதாகப் போட்டதுபோல் ஆக்கிவிடும். என் போனில் ஆபத்தில்லாதது வலப்பக்கம். அந்தப் பழக்கத்தில் வலப்பக்கத்தைத் தொட்டேன். திரை புரண்டு கிடக்கிறது என்று ஒரு மணி நேரம் முன்னால்தான் சித்தப்பா சொல்லியிருந்தார். வலப்பக்கம் இருந்தது மற்றது.

உடனே ஒரு பெட்டி வந்து எச்சரித்தது. தற்காலிகச் சேமிப்பைத் துடைக்கும்போது இப்படிப் பெட்டி எதுவும் வராது என்பது எனக்குத் தெரியும். ஆகவே தப்பானதைத் தொட்டுவிட்டேன் என்றும் புரிந்தது. பதற்றம். வேண்டாம் என்று சொல்லி வெளியே வர வேண்டும். பெட்டியில் இரண்டு சொற்கள். நம் போன்களில் "ரத்து" இடப்பக்கமும் "சரி" வலப்பக்கமும் இருக்கும். விரல் தானாக இடப்பக்கம் போனது. அங்கே இருந்தது حذف. அழி என்று அர்த்தம்.

அவ்வளவுதான். 19 ஜிபி என்று இருந்த இடத்தில் எண் சுருங்கி நின்றது. வாட்ஸப்பைத் திறந்தேன், வரவேற்புத் திரை, பிறகு போன் நம்பர் கேட்டது. சித்தப்பாவின் கணக்கு 966 என்று தொடங்கும் சவூதி நம்பரில் இருந்தது. அந்தச் சிம் வேலை செய்யாமல் போய் இரண்டு மாதம். வாட்ஸப் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடு இனி யாருக்கும் வராது. அவர் ஊருக்கு வந்தபிறகும் வாட்ஸப் வைஃபையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதால் சிம் செத்தது யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கணக்கு உயிரோடு இருந்ததே அந்தப் போனுக்குள் பதிவாகியிருந்த ஒரே காரணத்தால்தான். அதைத்தான் நான் அழித்திருந்தேன். போனுக்குள்ளேயே காப்புநகல் இருக்குமே என்று கோப்புகளில் தேடினேன். வாட்ஸப்பின் கோப்புறையும் காலி. கூகுள் கணக்கில் காப்பு எடுத்ததே இல்லை. எடுத்திருந்தாலும் திரும்பப் பெற அதே நம்பரில் நுழைய வேண்டும்.

சித்தப்பா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஊசியை நகர்த்தவில்லை. "அப்ப கணக்கும் போச்சா?" என்றார். என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது. அவர்தான் சொன்னார். எழுத வராது என்பதால் ஒவ்வொரு முறை படகு கரை சேர்ந்ததும் எவ்வளவு மீன், தனக்கு எவ்வளவு பங்கு, அதில் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்பதைக் குரல் செய்தியாகப் பேசி, கூட வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு அனுப்பி வைப்பாராம். அரபாபிடமிருந்து இன்னும் வர வேண்டிய பணம் இருந்தது. அந்தக் குரல்கள்தான் அவருடைய நோட்டுப் புத்தகம். 19 ஜிபி என்று நான் பார்த்த எண்ணுக்குள் நல்வாழ்த்து வீடியோக்களும் இருந்தன, அந்த நோட்டும் இருந்தது.

கல்ஃபிலிருந்து வந்தவரின் போன் கைக்கு வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது, "வாட்ஸப் எந்த நம்பரில் இருக்கு?" என்றுதான். வெளிநாட்டு நம்பர் என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் வாட்ஸப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குப் போய், நம்பர் மாற்றும் வசதியில் ஊர் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். இதற்குப் பழைய சிம் தேவையில்லை. பழைய நம்பர் அந்தப் போனில் இன்னும் பதிவில் இருந்தால் போதும், குறியீடு புது நம்பருக்குத்தான் வரும். செய்திகள் அப்படியே இருக்கும். அன்று ஐந்து நிமிடம் இதைச் செய்திருந்தால் போதும். இடத்தைக் குறைப்பதற்கும் வாட்ஸப்புக்கு உள்ளேயே வழி இருக்கிறது: அதன் அமைப்புகளில் சேமிப்பகப் பகுதியைத் திறந்தால் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை பரப்பப்பட்டவையும் தனித்தனியே சின்னப் படங்களாக வரும். வாசிக்கத் தெரியாதவரே பக்கத்தில் உட்கார்ந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று விரலால் காட்டலாம்.

கஜானாவும் வக்தும்

அன்று இரவே குளச்சலில் இருக்கும் என் நண்பனிடம் போனைக் கொண்டுபோனேன். மதரஸாவில் அரபி ஓதியவன். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து அந்த இரண்டு பொத்தான்களையும் எழுதினான்.

محو مساحة التخزين

محو ذاكرة التخزين المؤقت

"ரெண்டுலயும் தக்ஸீன் இருக்கு பார், அதனாலதான் ஒண்ணுபோலத் தெரியுது. கஜானான்னு சொல்றோம்ல, அதே வேர். சேர்த்து வைக்கிறது. ஆனா ரெண்டாவதுல கடைசியா ஒரு சொல் கூட இருக்கு. முஅக்கத். அஞ்சு வக்துத் தொழுகைன்னு சொல்றோமே, அந்த வக்துல இருந்து வந்தது. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உள்ளது, தற்காலிகம்." கம்பெனிக்குக் கம்பெனி முதல் சொல் محو என்றோ مسح என்றோ மாறலாம், அதைப் பார்க்காதே, கடைசியில் المؤقت இருக்கிறதா என்று மட்டும் பார் என்றான். இரண்டு புள்ளி வைத்த எழுத்து இரண்டு, அடுத்தடுத்து நிற்கும். அது இருந்தால் தொடு, இல்லாவிட்டால் கையை எடு.

இன்னொன்றும் காட்டினான், அது என்னை இரண்டாவது குழியிலிருந்து காப்பாற்றியது. إلغاء என்றால் ரத்து என்று நான் பெட்டியிலிருந்து அப்போதுதான் பழகியிருந்தேன். அதே சொல் إلغاء التثبيت என்று இன்னொரு சொல்லோடு சேர்ந்து வந்தால் ஆப்பையே போனிலிருந்து நீக்கிவிடும். பொருத்தியதை ரத்து செய்வது என்று பொருள். அந்த வீடியோ ஆப்புக்கு எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் தனியாக நிற்கும் إلغاء மட்டுமே வெளியே வரும் வாசல். அதையும் தேட வேண்டாம், பெட்டிக்கு வெளியே மங்கிக் கிடக்கும் பகுதியைத் தொட்டாலே பெட்டி ஒன்றும் செய்யாமல் மறைந்துவிடும் என்றான். எந்த மொழிப் போனிலும் அது நடக்கும். இரண்டு நொடியில் எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

வீடியோ ஆப் போனதும், மற்ற ஆப்களின் தற்காலிகச் சேமிப்பை முஅக்கத் பார்த்துத் துடைத்ததும், நான் அழித்த 19-ம் சேர்ந்து 62 என்று இருந்தது 36-க்கு வந்தது. அதில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை.

சார்ஜைக் குடித்தவை

பேட்டரித் திரையை மறுநாள் திறந்தோம். البطارية என்பது "பத்தாரிய்யா", வாசித்தாலே புரியும். உள்ளே எந்த ஆப் எத்தனை விழுக்காடு என்ற பட்டியல். மேலே ٢٧ என்று நின்றது இணையத்தில் பேசும் ஓர் ஆப். கல்ஃபில் வாட்ஸப் அழைப்பு சரியாகப் போகாத இடங்களில் எல்லோரும் இப்படி இரண்டு மூன்று வைத்திருப்பார்கள். ஒருவரிடம் பேச ஒன்று, இன்னொருவரிடம் பேச வேறொன்று. அழைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றும் பின்னால் விழித்துக்கொண்டே இருக்கும். அடுத்தது ١٨, ஒரு விபிஎன். மேலே அறிவிப்பு வரியில் சாவிப் படம் எப்போதும் எரிந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். ஊரில் அதற்கு வேலையே இல்லை, நீக்கிவிட்டோம். மூன்றாவது ஆப் அல்ல, மொபைல் நெட்வொர்க். செத்துப்போன சவூதி சிம் போனின் முதல் சிம் இடத்தில் அப்படியே இருந்தது. தன் கோபுரம் எங்கேயென்று அது இரவும் பகலும் தேடிக்கொண்டிருந்தது. சிக்னல் இல்லாத தேடலைப் போல் சார்ஜைத் தின்பது குறைவு. சிம்மை வெளியே எடுத்து ஒரு தாளில் சுற்றி அலமாரியில் வைத்தோம்.

பேசும் ஆப்களை என்ன செய்வது? முதலில் அதன் ஐகானை அழுத்திப் பிடித்து, வட்டத்துக்குள் i போட்ட படத்தைத் தொட்டு உள்ளே போய் فرض الإيقاف கொடுத்தோம். கட்டாயமாக நிறுத்துவது. இங்கேயும் நண்பன் வேரைச் சொன்னான்: வக்ஃப் என்பதன் வேர்தான் ஈகாஃப், நிறுத்தி வைத்தல். ஆனால் இந்த நிறுத்தம் அவர் மறுபடி ஒருமுறை ஐகானைத் தொடும்வரைதான். சித்தப்பா அன்று மாலையே தொட்டார்; மறுநாள் பழைய கதை. நிலைத்து நிற்பது வேறொன்று. அதே பக்கத்தில் பேட்டரி வரிக்குள் போனால் மூன்று நிலைகள் இருக்கும்: غير مقيَّد, محسَّن, مقيَّد. கட்டுப்பாடற்றது, சீரானது, கட்டுப்படுத்தியது. முதலாவதும் மூன்றாவதும் ஒரே சொல், முன்னால் நிற்கும் غير ஒன்றுதான் வித்தியாசம். அது "அல்லாத" என்று பொருள். அதைக் கவனிக்காமல் தொட்டால் நிறுத்த வந்த ஆப்புக்கு முழு உரிமை எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டுப்படுத்திய ஆப்பில் அழைப்பு வந்தால் மணி அடிக்காமல் போகலாம். சித்தப்பாவிடம் ஒவ்வொரு ஐகானாகக் காட்டி, "இதுல யாரு கூப்பிடுவா?" என்று கேட்டேன். ஒன்றில் மகள், கத்தாரிலிருந்து. அதைத் தொடவே இல்லை. மற்ற இரண்டில் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்றார். அவற்றை மட்டும் கட்டினோம். ஊர் நம்பரில் புதிதாகத் தொடங்கிய வாட்ஸப்பை நடு நிலையிலேயே விட்டோம்.

கடலுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். கரையின் சிக்னல் விட்டுப் போனதும் விமானப் படத்தைத் தொட வேண்டும். அந்தப் படம் எந்த மொழியிலும் ஒன்றுதான். சிம்மின் தேடல் நின்றுவிடும், ஜிபிஎஸ் நிற்காது. அது வானத்திலிருந்து வாங்குகிறதே தவிர கோபுரத்திலிருந்து அல்ல. கரை தெரியும்போது மறுபடி தொட்டால் போதும். அதற்கு முன்பெல்லாம் திரும்பி வரும்போது போன் அணைந்தே இருக்கும். மறுநாள் பத்தரை மணிக்கு வந்தவர் போனை என் முன்னால் நீட்டினார். மேல் மூலையில் ٦١. நான் சரியாக வாசிக்கிறேனா என்று இரண்டு முறை பார்த்தேன். 61.

கணக்குக் குரல்கள் மட்டும் மனதில் கிடந்தன. நாலாவது நாள்தான் ஒன்று தோன்றியது: அழிந்தது சித்தப்பாவின் போனில். அவர் அனுப்பிய செய்திகள் வாங்கியவரின் போனில் இருக்கும். அந்த நண்பரின் நம்பர் எங்களிடம் இல்லை, போனோடு போய்விட்டது. இனயம் என்ற ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பைக்கில் போய் அவர் மனைவியிடம் வாங்கி வந்தேன். புது நம்பரிலிருந்து நானே பேசினேன், விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜுபைலில் வேலை முடித்து வந்து, இரவு ஒன்பது மணிக்குமேல் ஒவ்வொன்றாகத் தேடி அனுப்பத் தொடங்கினார். எல்லாம் இல்லை, அவர் நடுவில் போன் மாற்றியிருந்தார். 14 வந்தன, கடைசி எட்டு மாதத்துக்குள்ளவை. பாக்கிப் பணத்தைப் பற்றியவை அவற்றில் இருந்தன.

சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக் கேட்டார். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவருடைய குரலே, இத்தனை பெட்டி, இத்தனை ரியால், இன்னும் இவ்வளவு என்று. ஒவ்வொன்று முடிந்ததும் சித்தி ஒரு நோட்டில் எழுதினாள். ஏழாவதோ எட்டாவதோ கேட்டுக்கொண்டிருக்கும்போது போனைக் காதிலிருந்து எடுத்து, இடது கீழ் மூலையை அழுத்திப் பிடித்து, "கெடச்சுது மக்கா, கெடச்சுது" என்று ஜுபைலுக்குச் சொல்லிவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.